கொட்டேஷனில் எழுதாமல் விட்ட வரிகள்

கேள்வி: மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறோம். வெளியூர் வாடிக்கையாளர்களுக்காக ஆன்லைனில் விற்க ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஒரு நிறுவனத்திடம் கேட்டோம். அவர்கள் கொடுத்த கொட்டேஷன் இது: டொமைன், ஹோஸ்டிங், எஸ்.எஸ்.எல். ஒரு வருடத்துக்கு 18,500, முகப்புப் பக்க டிசைன் 25,000, உட்பக்கங்கள் எட்டு, ஒன்றுக்கு 2,500 வீதம் 20,000, மொபைலுக்கு ஏற்ற ரெஸ்பான்சிவ் டிசைன் 12,000, ஷாப்பிங் கார்ட்டும் அட்மின் பேனலும் 40,000, பேமென்ட் கேட்வே இணைப்பு 10,000, எஸ்.இ.ஓ. 15,000, சமூக ஊடக இணைப்பும் கூகுள் அனலிட்டிக்ஸும் 7,500. மொத்தம் 1,48,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அறுபது சதவீதம் முன்பணம், மீதி சைட் திறக்கும் முன்பு. இது அநியாய விலை, 35,000 ரூபாய்க்கே செய்து தருகிறார்கள் என்கிறார் என் கொழுந்தனார். எந்த வரியில் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்? பணம் கொடுத்துச் செய்வதால் சைட் எங்களுக்குத்தானே சொந்தம்? கடையில் சுமார் 350 சேலைகளைப் போட நினைத்திருக்கிறோம்.

— வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

குறைக்கச் சொல்லக்கூடிய வரிகள் இந்தக் கொட்டேஷனில் இருக்கின்றன. அவற்றைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஆனால் உங்களுக்குப் பின்னால் செலவு வைக்கப்போவது இந்த எட்டு வரிகளைவிட, இதில் எழுதப்படாத வேலைகள்தான். அவற்றையும் சேர்த்து எழுதினால் நியாயமான கொட்டேஷன் 1,48,000 ரூபாய்க்குக் கீழே இறங்காது, சற்று ஏறவும் கூடும். அதனால் நிறுவனத்திடம் தள்ளுபடி கேட்பதற்கு முன்பு, கொட்டேஷனை முழுமையாக எழுதித் தரும்படி கேளுங்கள். கீழே நான் தரும் தொகைகள் சிறு கடைகளுக்கான வேலைகளைப் பார்த்து வைத்திருக்கும் என் மதிப்பீடுகள். ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப அவை மாறும்.

எதில் கட்டுகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள்

எட்டு வரிகளில் எதிலும் சைட் எந்த மென்பொருளில் கட்டப்படுகிறது என்று எழுதவில்லை. அது தெரியாமல் 40,000 ரூபாய் அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. சிறு கடைகளுக்கு இங்கே பெரும்பாலும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் மேல் கடை வசதிகளைச் சேர்க்கும் வூகாமர்ஸ் என்ற செருகுநிரலைப் பொருத்தித் தருகிறார்கள். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை, தரமானவையும்கூட. ஷாப்பிங் கார்ட்டும், ஆர்டர்களைப் பார்க்கும் அட்மின் பேனலும் அவற்றோடு ஆயத்தமாகவே வருகின்றன. அப்படியானால் அந்த 40,000 ரூபாய் மென்பொருளுக்கான விலை ஆகாது. உங்கள் கடைக்கு ஏற்றபடி அதை அமைத்து, வரி, கூப்பன், ஆர்டர் மின்னஞ்சல் ஆகியவற்றைச் சரிசெய்து, சோதித்துத் தரும் உழைப்பின் கூலி. அந்த உழைப்புக்கு இந்தத் தொகையைக் கேட்பதில் தவறில்லை, ஆனால் என்னென்ன அமைத்துத் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

மாறாக, எல்லாவற்றையும் தாங்களே புதிதாக நிரல் எழுதிச் செய்வதாகச் சொன்னால் 40,000 ரூபாய் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. பழைய வாடிக்கையாளருக்குச் செய்ததையே பெயர் மாற்றித் தருகிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கும். அந்த நிரலை வேறு யாருக்கும் தெரியாது என்பதால், பிறகு சிறு திருத்தத்துக்குக்கூட நீங்கள் அவர்களிடமே போக வேண்டும். இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். அவர்கள் ஏற்கெனவே செய்த இரண்டு மூன்று சைட்டுகளைக் கேட்டு வாங்கி, கணினியில் திறந்து, வலது பொத்தானை அழுத்திப் பக்கத்தின் மூலநிரலைப் பாருங்கள். அதில் `wp-content` என்ற சொல் பல இடங்களில் வந்தால் அது வேர்ட்பிரஸ். டிசைனுக்காகத் தீம் எனப்படும் ஆயத்த வடிவமைப்பு எதையாவது விலைக்கு வாங்கிப் பயன்படுத்துகிறார்களா, அதன் உரிமம் உங்கள் சைட்டுக்கென்று வாங்கப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். உரிமம் இல்லாமல் எங்கிருந்தோ இறக்கிய தீம்களில் திருட்டு நிரல் ஒளிந்திருப்பது உண்டு. பணம் வாங்கும் சைட்டில் அது பேராபத்து.

விலை ஊதிப்போன வரிகள்

முதல் வரியான 18,500 ரூபாயை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். டொமைன் எனப்படும் டாட் காம் முகவரிக்கு ஆண்டுக்கு ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும். சைட்டை வைக்கும் சர்வரைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங் உங்கள் அளவுக் கடைக்கு முதலில் போதும், அது மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை வரும். வாடிக்கையாளர் சைட்டுக்கு அனுப்பும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது; பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களில் அது தானாகவே பொருந்திப் புதுப்பித்தும் கொள்ளும். மேற்பார்வைக்கான கூலியையும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் நியாயம். உங்களுக்கென்று தனிச் சர்வர் தருவதாக இருந்தால் கணக்கு வேறு. எந்த நிறுவனத்தின் எந்தத் திட்டம் என்று எழுதித் தரட்டும். இரண்டாம் ஆண்டில் இதற்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஹோஸ்டிங் நிறுவனங்கள் முதல் முறைக்குப் பெரிய தள்ளுபடி கொடுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பது வழக்கம்.

ரெஸ்பான்சிவ் டிசைனுக்குத் தனியாக 12,000 ரூபாய் கேட்பதை ஏற்க வேண்டியதில்லை. இன்று கிடைக்கும் தீம்கள் ஏறத்தாழ எல்லாமே கைப்பேசித் திரைக்கு ஏற்பச் சுருங்கி விரிபவைதான். முகப்புக்கு 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பார்க்கப்போகும் கைப்பேசி வடிவத்தைக் கூடுதல் வேலையாகக் காட்டுவது ஒரே வேலைக்கு இரண்டு கூலி கேட்பதாகும். சமூக ஊடக இணைப்பும் அனலிட்டிக்ஸும் சேர்ந்த 7,500 ரூபாயும் அப்படியே. சின்னங்களைப் பொருத்துவதும், சைட்டுக்கு வருபவர்களைக் கணக்கிடும் இலவசமான அனலிட்டிக்ஸ் கணக்கைத் திறந்து ஒரு துண்டு நிரலைச் சேர்ப்பதும் சில மணி நேர வேலை. 2,500 ரூபாய் போதும். கணக்கு உங்கள் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும்.

வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே வரிக்கு ஐயாயிரம் போதுமானது. வூகாமர்ஸுக்கான இணைப்புச் செருகுநிரலைக் கேட்வே நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றன. இதில் உங்களுக்கு முக்கியமானது இணைப்புக் கூலியைவிட ஒவ்வொரு விற்பனையிலும் பிடிக்கப்படும் கட்டணம். வழக்கமாக அது இரண்டு சதவீதத்தை ஒட்டியிருக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரலாம். 1,200 ரூபாய்ச் சேலைக்குக் கட்டணம் 24 ரூபாய், அந்த வரியும் சேர்ந்தால் 4 ரூபாய் 32 காசு, ஆக 28 ரூபாய் 32 காசு கழிந்து மீதி உங்கள் வங்கிக்கு வரும். கேட்வே கணக்கு உங்கள் கடையின் பான் எண்ணிலும் உங்கள் வங்கிக் கணக்கிலும்தான் இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் வாங்கி மாதந்தோறும் அனுப்புகிறோம் என்று நிறுவனம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தேடுபொறிகளில் சைட்டை முன்னே கொண்டுவரும் வேலையான எஸ்.இ.ஓ. வரியை நான் அடிக்கச் சொல்லவில்லை. அதற்குப் பொருள் எழுதித் தரச் சொல்கிறேன். ஐந்நூறு தேடுபொறிகளில் பதிவு செய்கிறோம் என்பது பொருளற்ற வேலை. கூகுளில் முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று சொன்னால் அது பொய். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு சேலைக்கும் தனித் தலைப்பும் விவரணையும் எழுதுவது, படங்களுக்குப் பெயரிடுவது, கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் பெயரில் சைட்டைச் சேர்ப்பது என்று பட்டியல் கொடுத்தால் 15,000 ரூபாய்க்கு வேலை இருக்கிறது.

ஆக, ஹோஸ்டிங் வரியில் 10,500, ரெஸ்பான்சிவ் வரியில் 12,000, கேட்வேயில் 5,000, சமூக ஊடக வரியில் 5,000 என்று 32,500 ரூபாயைக் குறைக்கச் சொல்லலாம்.

எழுதாமல் விட்டவை

நீங்கள் 350 சேலைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டேஷனில் சேலை என்ற பேச்சே இல்லை. கடையைக் கட்டித் தருவதாக எழுதியிருக்கிறார்கள். அலமாரியில் சரக்கை அடுக்குவது யார் என்று எழுதவில்லை. பெரும்பாலான தகராறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. மாதிரிக்குப் பத்து இருபது பொருட்களை மட்டும் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நிறுவனம் சொல்லும். மீதி 330 சேலைகளுக்குப் பெயர், விலை, நீளம், நிறம், துவைக்கும் முறை ஆகியவற்றைத் தட்டச்சு செய்து, படம் சேர்க்க ஆளின்றி நீங்கள் தவிப்பீர்கள். சேலைக்கு மூன்று படம் என்றால் 1,050 படங்கள். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று நான்கு எம்.பி. இருந்தால் மொத்தம் நான்கு ஜி.பி.யைத் தாண்டும். அதை அப்படியே ஏற்றினால் மலிவான ஹோஸ்டிங்கில் இடமும் போதாது, பக்கமும் ஊர்ந்து ஊர்ந்து திறக்கும். ஒவ்வொரு படத்தையும் இருநூறு கே.பி.க்குள் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சேலைக்கு ஐம்பது ரூபாய் வீதம் நிறுவனத்திடமே ஏற்றச் சொன்னால் 17,500 ரூபாய் ஆகும். படம் எடுக்கும் செலவு தனி. அல்லது வூகாமர்ஸில் எக்செல் போன்ற பட்டியலை மொத்தமாக ஏற்றும் வசதி இருப்பதால், பட்டியலை உங்கள் கடை ஆட்களை வைத்து நிரப்பிவிட்டு, ஏற்றித் தருவதை மட்டும் நிறுவனத்திடம் விடலாம். புதுச் சரக்கு வரும்போதெல்லாம் இந்த வேலை இருந்துகொண்டே இருக்கும் என்பதால் இரண்டாவது வழியை நீங்கள் பழகிக்கொள்வது நல்லது. எந்த வழியானாலும், ஏற்றித் தரப்படும் பொருட்களின் எண்ணிக்கை கொட்டேஷனில் இருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று சரக்கிருப்பு. கைக்கட்டுச் சுங்குடியில் ஒரு சேலை போல இன்னொன்று அமைவது அரிது. காலையில் கடைக்கு வந்தவர் வாங்கிப்போன சேலையை மாலையில் பெங்களூரிலிருந்து ஒருவர் ஆன்லைனில் பணம் கட்டி வாங்கினால் என்ன செய்வீர்கள்? உங்கள் பில்லிங் மென்பொருளோடு சைட்டை இணைப்பது பெரிய வேலை. அதைக் கொட்டேஷனில் யாரும் இலவசமாகச் சேர்க்க மாட்டார்கள், எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. தொடக்கத்தில் ஆன்லைனுக்கென்று சேலைகளைத் தனி அலமாரியில் ஒதுக்கிவிட்டால் அந்த இணைப்பே தேவைப்படாது.

கூரியர் பற்றிய வரியும் இல்லை. எடைக்கும் ஊருக்கும் ஏற்ப அனுப்பும் கட்டணத்தைச் சைட் தானே கணக்கிட வேண்டுமா, அல்லது எல்லோருக்கும் ஒரே கட்டணமா? முகவரிச் சீட்டு தானாக அச்சாக வேண்டுமா? ஒரே கட்டணம் என்றால் இணைப்பே வேண்டாம். கூரியர் சேவையோடு இணைக்கச் சொன்னால் எட்டாயிரம் ரூபாய் போல ஆகும்.

உட்பக்கங்கள் எட்டில் நான்கு, தனியுரிமை, விதிமுறைகள், திருப்பி அனுப்புதல், டெலிவரி ஆகிய எழுத்துப் பக்கங்களாகத்தான் இருக்கும். இவை அலங்காரத்துக்கு அல்ல. இவை இல்லாமல் கேட்வே நிறுவனங்கள் பொதுவாகக் கணக்கைத் திறந்துவிடுவதில்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படியும் கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரங்கள் சைட்டில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் உரிமையாளரே அந்தப் பொறுப்பை ஏற்கலாம். பக்கத்துக்கு 2,500 வாங்கும் நிறுவனம் எழுத்தையும் தருகிறதா, காலிப் பக்கத்தை மட்டும் தருகிறதா என்று கேளுங்கள். வேறொரு சைட்டிலிருந்து நகலெடுத்த விதிமுறை உங்களைத்தான் கட்டுப்படுத்தும். முதல் துவைப்பில் சாயம் இறங்கும் சேலைக்கு, காரணம் கேட்காமல் முப்பது நாளில் திரும்பப் பெறுகிறோம் என்று அதில் எழுதியிருந்தால் நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும்.

கடைசியாகப் பராமரிப்பு. வேர்ட்பிரஸும் அதன் செருகுநிரல்களும் அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டியவை. செய்யாமல் விட்ட சைட்டுகளுக்குள்தான் திருடர்கள் எளிதாக நுழைகிறார்கள். மாதம் 1,500 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 18,000 ரூபாய் இதற்கு ஒதுக்கலாம். அந்தத் தொகைக்குள் தினசரி காப்புப் பிரதி, அதை ஹோஸ்டிங்குக்கு வெளியே வேறோர் இடத்தில் வைப்பது, மாதத்தில் இத்தனை மணி நேரச் சிறு திருத்தங்கள், சைட் நின்றுபோனால் எத்தனை மணி நேரத்துக்குள் கவனிப்பார்கள் என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். காப்புப் பிரதியிலிருந்து ஒருமுறை சைட்டை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

பொருள் ஏற்றத்துக்கு 17,500, கூரியருக்கு 8,000, பராமரிப்புக்கு 18,000 என்று கூடுவது 43,500. குறைத்த 32,500 ரூபாயைக் கழித்துக் கூட்டினால் 1,59,000 ரூபாய் வருகிறது. உங்கள் கொழுந்தனார் சொல்லும் 35,000 ரூபாய்க் கொட்டேஷனில் இந்தக் கூடுதல் வேலைகளில் எத்தனை இருக்கின்றன என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். ஐம்பது சேலையோடு, ஒரே அனுப்புக் கட்டணத்தோடு தொடங்கி, பட்டியலை நீங்களே ஏற்றிக்கொள்வதாக இருந்தால் அந்த விலையிலும் ஒழுங்கான சைட் கிடைக்கலாம். ஆனால் அதை இந்தக் கொட்டேஷனோடு ஒப்பிட முடியாது.

சைட் யாருக்குச் சொந்தம்

பணம் கொடுத்தால் சொந்தம் என்ற எண்ணம் இயல்பானது, ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாத ஒருவர் எழுதும் நிரலுக்கு, எழுதியவர் தரப்புதான் முதல் உரிமையாளர். உரிமை உங்களுக்கு மாற வேண்டுமானால் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், அவர்கள் கையொப்பத்தோடு மாற்றித் தர வேண்டும். அந்த எழுத்தில் கால அளவு இல்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை இல்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் உலகம் முழுவதற்கும் என்ற சொற்கள் அதில் இருக்கட்டும். வேர்ட்பிரஸும் வூகாமர்ஸும் எல்லோருக்கும் பொதுவான உரிமத்தில் வருபவை என்பதால் அவற்றை உங்களுக்கு எழுதித் தர முடியாது. உங்களுக்காகச் செய்த டிசைன், தனி நிரல், லோகோ ஆகியவற்றுக்கே இது பொருந்தும்.

அன்றாடத்தில் இதைவிடக் கூர்மையான ஆபத்து டொமைன் பெயர். நிறுவனம் தன் பெயரிலேயே அதைப் பதிவு செய்துவிட்டால், நாளை மனவருத்தம் வந்து பிரிய நேரும்போது உங்கள் கடையின் முகவரி அவர்கள் கையில் இருக்கும். டொமைனை நீங்களே உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் வாங்கிவிட்டு, அமைப்பதற்கான அனுமதியை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள். ஏற்கெனவே அவர்கள் வாங்கிவிட்டார்கள் என்றால், பதிவு நிறுவனத்தின் கணக்குக்குள் உரிமையாளராக யார் பெயரும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்பதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வரியும் தவணையும்

1,48,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி. 26,640 ரூபாய். அதை வசூலிக்க நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். கொட்டேஷனில் உள்ள பதினைந்து இலக்க எண்ணை `gst.gov.in` தளத்தில் இட்டுப் பாருங்கள். நீங்கள் வழக்கமான முறையில் பதிவு செய்திருந்தால் இந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் எடுக்க முடியாது. அதைவிட முக்கியமாக, அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. பெங்களூருக்குச் சேலை அனுப்பும் எண்ணம் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

அறுபது சதவீத முன்பணம் அதிகம். ஒப்பந்தத்தின்போது முப்பது, முகப்பு டிசைனுக்கு நீங்கள் ஒப்புதல் தந்ததும் முப்பது, சோதனை முகவரியில் முழு சைட்டும் ஓடி உண்மையான ஓர் ஆர்டரும் அதற்கான பணத்தைத் திருப்பித் தருவதும் சரியாக நடந்ததும் முப்பது, திறந்து முப்பது நாள் கழித்து எல்லாக் கடவுச்சொற்களும் உரிமை மாற்றக் கடிதமும் கைக்கு வந்ததும் மீதிப் பத்து என்று கேளுங்கள். பதிலுக்கு அவர்கள் ஒன்று கேட்பார்கள்: படங்களும் எழுத்தும் நீங்கள் தரத் தாமதமானால் அதற்காகத் தங்கள் தவணை நிற்கக் கூடாது என்று. அது நியாயமான கோரிக்கை. எதை எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்பதை நீங்களும் எழுதிக் கொடுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதும்போது விலை அதிகம் என்று தொடங்க வேண்டாம். எந்த மென்பொருள், எத்தனை பொருட்கள், இரண்டாம் ஆண்டுச் செலவு, பக்கங்களுக்கான எழுத்து யார் பொறுப்பு, எத்தனை முறை டிசைனைத் திருத்தித் தருவார்கள், உரிமை மாற்றம் எப்போது என்ற ஆறு கேள்விகளை மட்டும் மின்னஞ்சலில் கேட்டு, கொட்டேஷனைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். அதே ஆறு கேள்விகளை 35,000 ரூபாய்க்காரருக்கும் அனுப்புங்கள். இரண்டு பதில்களும் வந்த பிறகு விலை ஊதிப்போன வரிகளைப் பற்றிப் பேசுங்கள். தொலைபேசியில் ஒத்துக்கொள்ளும் எதுவும் திருத்திய கொட்டேஷனில் வரும்வரை முன்பணம் அனுப்பாதீர்கள்.